சூடேறும் வாய்ஸ் காயில், குறையும் சத்தம்: ஸ்பீக்கரில் பவர் கம்ப்ரெஷன்

காவிரி டெல்டா கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு ஒலி அமைக்கும் மைக்செட்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வு உண்டு. மாலையில் பாட்டுப் போடத் தொடங்கும்போது 15 அங்குல பாக்ஸ் ஸ்பீக்கர்கள் தெருக்கோடி வரை திடமாக ஒலிக்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு அதே பாட்டு, அதே ஃபேடர் நிலை, அதே ஆம்ப்ளிஃபயர்; ஆனால் அடிச்சத்தத்தில் பழைய திடம் இருக்காது. ஃபேடரை ஏற்றினால் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு மினுக்குமே தவிர, ஏற்றிய அளவுக்குச் சத்தம் கூடாது. கூட்டம் சேர்ந்துவிட்டது, காற்று திசை மாறிவிட்டது, ஜெனரேட்டர் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம் என்றாலும், இந்தக் குறைவின் முக்கியமான காரணங்களுள் ஒன்று ஸ்பீக்கருக்குள்ளேயே, காந்தத்தின் இடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் இருக்கிறது. அந்தச் சுருள் சூடாகிறது. சூடானதால் அதன் மின்தடை கூடுகிறது. மின்தடை கூடியதால் சத்தம் குறைகிறது. இதற்குத்தான் பவர் கம்ப்ரெஷன் என்று பெயர். மிக்சரில் இருக்கும் கம்ப்ரஸர் என்ற வசதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது நாம் வேண்டுமென்று செய்வது, இது ஸ்பீக்கர் தானாகச் செய்துகொள்வது.

ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கோனின் கழுத்தில் ஒரு சிறிய குழல் ஒட்டப்பட்டிருக்கும். அந்தக் குழலின் மேல் மெல்லிய செம்புக் கம்பி, சில ஸ்பீக்கர்களில் அலுமினியக் கம்பி, சுற்றப்பட்டிருக்கும். இதுதான் வாய்ஸ் காயில். இந்தக் காயில், வலுவான நிலைக் காந்தத்தின் நடுவே வட்டமாக விடப்பட்ட குறுகிய இடைவெளியில் எதையும் தொடாமல் நிற்கிறது. ஆம்ப்பிலிருந்து வரும் மின்னோட்டம் காயில் வழியே பாயும்போது காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. காயிலோடு கோனும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோனைத் தள்ளும் விசையைத் தீர்மானிப்பது மின்னோட்டம், அதாவது ஆம்பியர். ஆம்ப் கொடுப்பதோ வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்கு எத்தனை ஆம்பியர் பாயும் என்பதைக் காயிலின் மின்தடைதான் முடிவு செய்கிறது. பவர் கம்ப்ரெஷன் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

அடுத்து, வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கோன் நேரடியாகக் காற்றைத் தள்ளும் வகை ஸ்பீக்கர், மின்சாரத்தை ஒலியாக மாற்றுவதில் மிகவும் திறன் குறைந்த சாதனம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் ஒரு 15 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். திருவிழா வேலைக்கு அது நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் கணக்குப் போட்டால் அதன் திறன் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. 400 வாட் கொடுத்தால் ஒலியாக வெளிவருவது சுமார் 12 வாட். மீதி 388 வாட் கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் கம்பிச் சுருளிலேயே வெப்பமாகிறது. வீட்டு ஸ்பீக்கர்களின் திறன் இதைவிடவும் குறைவு, பலவற்றில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கரில் திறன் பல மடங்கு அதிகம் என்பதால்தான், ஒரு காலத்தில் 30, 40 வாட் யூனிட்டை வைத்துக்கொண்டே வயல் தாண்டி அடுத்த ஊர் வரை பாட்டுக் கேட்க வைக்க முடிந்தது. அந்தக் குழாயில் அடிச்சத்தம் கிடையாது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு வெப்பமும் வெளியேற வழி மிகக் குறைவு. காயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் இடையே இருப்பது மெல்லிய காற்று அடுக்கு. வெப்பம் முதலில் அந்தக் காற்றைத் தாண்டி இரும்பை அடைய வேண்டும். பிறகு இரும்பும் காந்தமும் சூடாகி, பாக்ஸுக்குள் இருக்கும் காற்றுக்கு அதைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அது பாக்ஸை விட்டு வெளியேறும். கோன் நன்றாக முன்பின் ஓடும்போது இடைவெளியில் காற்று உள்ளே வெளியே சென்று காயிலைச் சற்றுக் குளிர்விக்கிறது. காந்தத்தின் பின்புறம் நடுவில் துளை விட்டிருப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று.

செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். அறை வெப்பநிலையில் தொடங்கி ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் 0.39 விழுக்காடு கூடுகிறது. அலுமினியத்துக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ஒரு டிகிரிக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் காயிலின் வெப்பநிலை 100, 150, 200 டிகிரி என்று ஏறக்கூடியது. காயில் 250 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது அதன் மின்தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்.

இப்போது ஒரே ஒரு பாக்ஸை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். சித்திரை மாத இரவு, வெளியே 30 டிகிரி. பாக்ஸில் உள்ளது '8 ஓம்' என்று எழுதப்பட்ட 15 அங்குல ஸ்பீக்கர். மல்டிமீட்டர் வைத்து அளந்தால் குளிர்ந்த நிலையில் காயிலின் மின்தடை 6 ஓம் காட்டுகிறது. (8 ஓம் என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கான பொதுவான மதிப்பு, மல்டிமீட்டர் காட்டும் நேர்மின் தடை எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.) பலமான தாளக்கட்டு உள்ள பாடல்கள் இடைவிடாமல் ஓட, ஆம்ப் சராசரியாக 49 வோல்ட் கொடுக்கிறது என்று கொள்வோம். தொடங்கிய நொடியில் காயில் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால் 49 வோல்டை 6 ஓமால் வகுத்தால் 8.2 ஆம்பியர் பாய்கிறது. 49 வோல்டும் 8.2 ஆம்பியரும் சேர்ந்து 400 வாட். மைக்செட்காரர் தான் கொடுப்பதாக நினைக்கும் பவர் இதுதான்.

சிறிது நேரத்தில் காயில் சூடாகிறது. எல்லாம் நிலைபெற்ற பிறகு அதன் மின்தடை 9 ஓமாக ஏறியிருக்கிறது என்றால், செம்பின் இயல்பை வைத்து அதன் வெப்பநிலை ஏறத்தாழ 162 டிகிரி என்று கண்டுபிடிக்கலாம். ஆம்ப் இன்னும் அதே 49 வோல்டைத்தான் கொடுக்கிறது. ஆனால் 49 வோல்டை 9 ஓமால் வகுத்தால் 5.4 ஆம்பியர்தான் வருகிறது. மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. ஸ்பீக்கர் இழுக்கும் பவர் 400 வாட்டிலிருந்து 267 வாட்டாக இறங்கிவிட்டது.

இங்கே பலரும் ஒரு பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். பவர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, எனவே சத்தமும் அந்த அளவுக்குத்தான், 1.8 டெசிபல் குறைந்திருக்கும் என்பது அந்தக் கணக்கு. உண்மையில் குறைவது அதன் இரு மடங்கு. காரணம், உள்ளே வரும் பவர் குறைந்ததோடு, வந்த பவரை ஒலியாக மாற்றும் திறனும் குறைந்துவிட்டது. கோனைத் தள்ளுவது ஆம்பியர் என்று முன்பே பார்த்தோம். ஆம்பியர் மூன்றில் இரண்டு பங்கானால் தள்ளும் விசையும் மூன்றில் இரண்டு பங்கு. ஒலியின் பவர் அதன் வர்க்கம், அதாவது ஒன்பதில் நான்கு பங்கு. 12 வாட்டாக வெளிவந்த ஒலி இப்போது சுமார் 5.3 வாட். டெசிபலில் சொன்னால் 3.5 டெசிபல் இழப்பு. மின்தடை கூடியதால் அதே மின்னோட்டத்துக்கு வெப்பம் அதிகமாகவும் தள்ளும் விசை மாறாமலும் இருப்பதால், 3 விழுக்காடாக இருந்த திறன் 2 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிட்டது. இழப்பைக் கணக்கிடும் சூத்திரம் எளியது. R1 குளிர்ந்த நிலை மின்தடை, R2 சூடான நிலை மின்தடை:

```
loss_dB = 20 × log10(R2 / R1)
```

சத்தம் குறைவதைக் கவனித்த மைக்செட்காரர் இயல்பாகச் செய்வது ஃபேடரை ஏற்றுவதுதான். அவர் 3 டெசிபல் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காயிலாக இருந்தால் இது இரு மடங்கு பவர், 800 வாட். ஆம்ப் இப்போது 49 வோல்டுக்குப் பதிலாக 69 வோல்ட் கொடுக்கிறது. ஆனால் அதிக வோல்டேஜ் அதிக வெப்பத்தைத் தருகிறது, அந்த வெப்பம் மின்தடையை மேலும் ஏற்றுகிறது. முந்தைய நிலையில் 267 வாட் வெப்பத்துக்குக் காயில் 132 டிகிரி ஏறியது. அதாவது ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ அரை டிகிரி. அதே விகிதத்தில் கணக்கிட்டால் புதிய நிலையில் மின்தடை 11 ஓமுக்கும், வெப்பநிலை 250 டிகிரிக்கும் அருகே சென்று நிற்கும். மின்னோட்டம் 6.3 ஆம்பியர். ஃபேடரில் ஏற்றியது 3 டெசிபல். வெளியே கூடியது 1.3 டெசிபல். தொடர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதுக்கு இது கூடியது போலவே தோன்றாது. காயிலில் இறங்கும் வெப்பமோ 267 வாட்டிலிருந்து 440 வாட்டை நெருங்கிவிட்டது. இதற்குப் பிறகும் மின்னோட்டம், மாலையில் முதல் நொடியில் பாய்ந்த 8.2 ஆம்பியரை எட்டவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆம்ப்பை இரட்டிப்பாக்கியும் தொடக்கத்துச் சத்தம் திரும்பவில்லை.

இன்னும் ஏற்றினால்? கணக்கை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், மின்தடை ஏறும் வேகம் வோல்டேஜ் ஏறும் வேகத்தை நெருங்கிக்கொண்டே வரும். மின்னோட்டம் சுமார் 9.4 ஆம்பியரை நோக்கிச் சென்று அதற்கு மேல் போகாது. அந்த உச்சவரம்பு தாளில் மட்டுமே இருக்கிறது. அதை அடைவதற்கு வெகுமுன்னரே காயிலின் பசை இளகிவிடும். கம்பியைக் குழலோடு பிடித்திருக்கும் பசையும், கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சும், குழலின் பொருளும் தாங்கும் வெப்பநிலைக்கு எல்லை உண்டு. தரமான ஸ்பீக்கர்களில் அது 200 டிகிரியைத் தாண்டியும் இருக்கலாம். காகிதக் குழல் கொண்டவற்றில் அதைவிடக் குறைவு. எனவே ஒரு ஸ்பீக்கர் விடாமல் எவ்வளவு சத்தம் தர முடியும் என்பதைத் தீர்மானிப்பது ஆம்ப்பின் வாட் அல்ல, காயிலிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே கடத்த முடியும் என்பதே.

காலம் இதில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சற்று இடம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பல தவறான முடிவுகள் இங்கிருந்துதான் வருகின்றன. ஸ்பீக்கருக்குள் சூடாகும் பொருள்கள் இரண்டு. சில பத்து கிராம் எடையுள்ள காயில் ஒன்று. பல கிலோ எடையுள்ள காந்தமும் இரும்பும் மற்றொன்று. தாளிப்புக் கரண்டியும் கல்யாண வீட்டு அண்டாவும் போன்றவை இவை. கரண்டி அடுப்பில் வைத்த சில நொடிகளில் காய்ந்துவிடும், எடுத்தவுடன் ஆறியும் விடும். அண்டா காய வெகுநேரம் ஆகும், இறக்கி வைத்தாலும் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காயில் சில நொடிகளிலிருந்து அரை நிமிடத்துக்குள் தன் ஏற்றத்தின் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறது. காந்தமும் இரும்பும் முழுச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். காந்தம் சூடாகச் சூடாக, காயில் தன் வெப்பத்தைக் கொடுக்கும் இடமே சூடாகிவிடுவதால், காயிலின் வெப்பநிலையும் மெல்ல மெல்ல மேலும் உயர்கிறது.

ஆகவே இழப்பு இரண்டு கட்டங்களில் வருகிறது. முதல் பாட்டின் முதல் நிமிடத்துக்குள்ளேயே ஒரு பகுதி போய்விடுகிறது. அது மிக விரைவாக நடப்பதால், குளிர்ந்த காயிலின் சத்தத்தை யாரும் சரியாகக் கேட்டு நினைவில் வைத்திருப்பதில்லை. இரண்டாவது பகுதி அடுத்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கசிந்து போகிறது. தீபாராதனைக்காகப் பாட்டைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போது, முதல் சில நொடிகள் அடிச்சத்தம் புதிதாக எழுந்து வந்தது போல ஒலிக்கும். பிறகு உடனே தணிந்துவிடும். காயில் ஆறிவிட்டது, காந்தம் இன்னும் ஆறவில்லை என்பதே அதன் பொருள். ஒலி அமைப்பவர் இந்த ஓர் அடையாளத்தைக் கேட்கப் பழகிக்கொண்டால், தன் ஸ்பீக்கர் வெப்பத்தால் அடங்குகிறதா, வேறு காரணமா என்பதைக் கருவி இல்லாமலே ஓரளவு பிரித்தறியலாம். கூட்டமோ காற்றோ காரணமாக இருந்தால் பதினைந்து நிமிட ஓய்வில் இந்த மாற்றம் வராது.

காந்தம் சூடாவதில் இன்னொரு சிறிய இழப்பும் உண்டு. கறுப்பு நிற ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் வலிமையில் 0.2 விழுக்காடு இழக்கிறது. 50 டிகிரி ஏறினால் 10 விழுக்காடு. சத்தத்தில் ஏறத்தாழ 1 டெசிபல் வரை குறையலாம். ஆறியதும் இது திரும்பிவிடும். எடை குறைந்த நியோடிமியம் காந்தம் டிகிரிக்கு இதில் பாதி அளவே இழக்கிறது என்றாலும், அதன் தரத்துக்கு ஏற்ற எல்லையைத் தாண்டிச் சூடானால் இழந்த வலிமை நிரந்தரமாகவே போய்விடும்.

விட்டு விட்டு வரும் ஒலிக்கும் தொடர்ந்து வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாடும் இதே காலக் கணக்கிலிருந்து வருகிறது. தவிலின் ஒரு அடி நொடியில் சிறு பகுதியே நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் காயிலின் வெப்பநிலை பெரிதாக மாறாது; எனவே அடி முழு வலிமையோடு வெளிவரும். காயிலைச் சூடாக்குவது உச்சங்கள் அல்ல, பல நொடிகளின் சராசரி. சொற்பொழிவிலும் நேரடி நாகசுரக் கச்சேரியிலும் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். இன்றைய பல திரைப்பாடல்களின் ஒலிப்பதிவில் அந்த இடைவெளி திட்டமிட்டே குறைக்கப்பட்டிருக்கிறது. அடிச்சத்தமும் இடைவிடாமல் ஓடுகிறது. அதே உச்ச அளவில், சொற்பொழிவைவிட இந்தப் பாடல்கள் காயிலுக்குள் பல மடங்கு வெப்பத்தை இறக்குகின்றன. ஆம்ப் கிளிப் ஆகும்போது அலையின் தலை வெட்டப்பட்டுத் தட்டையாவதால் சராசரி இன்னும் கூடுகிறது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்குவது ஒரு செய்தி. அணையாமல் எரிவது அதைவிட மோசமான செய்தி.

எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவில் அடங்குவதில்லை என்பதால், சத்தம் குறைவதோடு ஒலியின் குணமும் மாறுகிறது. மேலே கணக்கிட்ட 3.5 டெசிபல் இழப்பு, ஸ்பீக்கரின் மின்தடையைக் காயிலின் கம்பியே பெரும்பாலும் தீர்மானிக்கும் நடுப்பகுதிக்குப் பொருந்தும். அடிக்குரலும் தவிலின் உடல் ஒலியும் வாழும் பகுதி அது. கோன் தன் இயல்பான அதிர்வில் ஆடும் அதிர்வெண்ணுக்கு அருகே காயில் தானே மின்சாரத்தை உண்டாக்கி எதிர்க்கிறது; அங்கே கம்பியின் தடை மாறினாலும் விளைவு குறைவு. ஆனால் காயிலின் மின்தடை கூடியதால் கோனை அடக்கிப் பிடிக்கும் வலிமை தளர்ந்துவிடுகிறது. அந்தப் பகுதி வழவழவென்று நீண்டு ஒலிக்கத் தொடங்கும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பாக்ஸில், கீழே உள்ள 15 அங்குலம் 3 டெசிபலுக்கு மேல் அடங்க, மேலே உள்ள ஹாரன் அவ்வளவாக அடங்காமல் நின்றுவிடும். குரலும் ஜால்ராவும் காதைக் குத்துகின்றன, கீழே உடல் இல்லை என்று இரவு பத்து மணிக்குக் கேட்பவர்கள் முகம் சுளிப்பதற்கு இது ஒரு காரணம். அப்போது ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவது, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் காயிலுக்கே மேலும் பவரை அனுப்புவதாகும்.

துளையுள்ள பேஸ் பாக்ஸ்களில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அந்தத் துளை எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ, அங்கே ஒலியின் பெரும்பகுதி துளையிலிருந்து வரும்; கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதே இடத்தில் மின்தடையும் தாழ்ந்து, கம்பியின் தடைக்கு அருகே வந்துவிடும். பவர் அதிகம் இறங்குகிறது, குளிர்விக்கும் அசைவோ இல்லை. 50 ஹெர்ட்ஸுக்கு அமைத்த பாக்ஸில் 50 ஹெர்ட்ஸ் ஒலி நீண்டு நிற்கும் பாட்டு, கோன் பயங்கரமாக ஆடும் பாட்டைவிட அதிகமாகக் காயிலைச் சுடலாம். கோன் அமைதியாக இருக்கிறது என்று நம்பி ஏற்றக் கூடாது. ஐப்பசி மழைக்குப் பயந்து பாக்ஸின் மேல் பாலிதீன் தாளைப் போர்த்தி அந்தத் துளையையும் அடைத்துவிடுவது டெல்டாவில் சாதாரணமாகக் காணும் காட்சி. அப்படிச் செய்தால் துளையின் அமைப்பும் கெடுகிறது, பாக்ஸுக்குள் சூடான காற்று வெளியேற வழியும் போய்விடுகிறது. மழைக்கு மேலே கூரை போல விரிக்க வேண்டும். முன்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

தன் ஸ்பீக்கர் எவ்வளவு சூடாகிறது என்பதை ஒரு மல்டிமீட்டரை வைத்தே ஏறத்தாழ அறியலாம். பகலில், பாட்டு எதுவும் போடாத நிலையில், பாக்ஸின் பின்னால் உள்ள ஸ்பீக்கான் இணைப்பைக் கழற்றி, பாக்ஸின் முனையிலேயே மின்தடையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வயரின் மறுமுனையில் அளக்கக் கூடாது. 30 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போகவும் வரவும் சேர்த்து 0.4 ஓமுக்கு மேல் தன் தடையைச் சேர்த்துவிடும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவையும் கழிக்க வேண்டும். இரவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, இடைவேளை கிடைத்தவுடன் ஆம்ப்பை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி உடனே மீண்டும் அளக்க வேண்டும். பக்கத்தில் வேறு ஸ்பீக்கர் ஒலித்துக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்தில் கோன் ஆடி, காயில் மின்சாரத்தை உண்டாக்கி மீட்டரின் எண்ணைத் தாறுமாறாக ஓடவிடும். ஆகவே எல்லாம் நின்ற அமைதியில்தான் அளக்க முடியும். வெப்பநிலைக்கான சூத்திரம் இது. T1 பகலில் அளந்தபோது இருந்த வெப்பநிலை, T2 காயிலின் தற்போதைய வெப்பநிலை:

```
T2 = (R2 / R1) × (234.5 + T1) − 234.5
```

நம் எடுத்துக்காட்டில் R1 6, R2 9, T1 30 என்று போட்டால் 162 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இணைப்பைக் கழற்றி மீட்டரை வைப்பதற்குள் காயில் வேகமாக ஆறத் தொடங்கிவிடுவதால், நாம் காணும் எண் உண்மையான உச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் தெரியும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலும் 8 ஓமுக்கு மேல் காட்டினால், ஓடும்போது அதைவிடச் சூடாக இருந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளுள் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது பாக்ஸின் எண்ணிக்கையைக் கூட்டுவதே. நம் கணக்கில் ஒரே பாக்ஸுக்கு இரு மடங்கு பவர் கொடுத்தபோது 1.3 டெசிபல் கிடைத்தது, காயில் 250 டிகிரிக்குச் சென்றது. அதே கூடுதல் பவரை இரண்டாவது பாக்ஸுக்குக் கொடுத்திருந்தால், இரண்டு காயில்களும் 162 டிகிரியிலேயே நின்றிருக்கும். சத்தம் குறைந்தது 3 டெசிபலும், இரண்டு பாக்ஸையும் ஒட்டி வைத்தால் அடிச்சத்தத்தில் 6 டெசிபல் வரையும் கூடியிருக்கும். அடுத்து, வாங்கும்போதே 1 வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற எண்ணைப் பார்ப்பது. 3 டெசிபல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். வெப்பமும் ஏறக்குறைய பாதிதான். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட் எண் சத்தத்தைச் சொல்வதில்லை. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி வகுத்த ஏ.இ.எஸ். முறையில் 500 வாட் என்றால், குறிப்பிட்ட வகை இரைச்சலை அந்தப் பவரில் 2 மணி நேரம் கொடுத்தும் ஸ்பீக்கர் பழுதாகவில்லை என்றுதான் பொருள்; அந்த 2 மணி நேரத்தில் எத்தனை டெசிபல் இழந்தது என்பதை அந்த எண் சொல்லாது. சில நல்ல தயாரிப்பாளர்கள் பத்தில் ஒரு பங்கு, பாதி, முழுப் பவர் என்ற மூன்று நிலைகளிலும் ஏற்படும் பவர் கம்ப்ரெஷனைத் தனியாக அச்சிடுகிறார்கள். அந்த வரி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

டிஜிட்டல் கிராஸ்ஓவர் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள லிமிட்டரில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்கலாம். உச்சத்தை வெட்டும் லிமிட்டர் கோன் அளவுக்கு மீறி ஓடுவதைத் தடுக்கும். காயிலின் சூட்டை அது தடுக்காது. பல நொடிகளின் சராசரியைப் பார்த்து மெல்லக் குறைக்கும் ஆர்.எம்.எஸ். லிமிட்டரே காயிலைக் காப்பது. பாக்ஸின் துளை அமைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியை ஹை-பாஸ் ஃபில்டரால் நீக்குவதும் உதவும். அந்தப் பகுதி கேட்கும் ஒலியாக அதிகம் வெளிவராமல் வெப்பமாகவே முடிகிறது.

எல்லை மீறியதற்கான அடையாளங்கள் வரிசையாக வரும். முதலில் எனாமலும் பசையும் காயும் ஒரு தனி நெடி, பாக்ஸின் துளைக்கு அருகே மூக்கை வைத்தால் தெரியும். அந்த நெடி வந்த உடனே பவரைக் குறைத்தால் ஸ்பீக்கர் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதைக் கவனிக்காவிட்டால் பசை இளகி, கம்பியின் ஒரு சுற்று விலகி இடைவெளியில் உரசத் தொடங்கும். கோனைக் கையால் மெதுவாக நேராக அழுத்தினால் கரகரவென்ற உரசல் விரலுக்கே தெரியும். அதற்குப் பிறகு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி மின்தடை 6 ஓமிலிருந்து 4, 3 என்று இறங்கலாம், அல்லது கம்பி அறுந்து மீட்டர் எதுவும் காட்டாமல் நிற்கலாம்.

கோனும் காயிலும் மாற்றப்பட்ட ஸ்பீக்கரைப் புதியது போல நம்பிவிடக் கூடாது. மாற்றுக் காயில் பழையதைவிட மெல்லிய கம்பியாகவோ, அதிக வெப்பம் தாங்கும் குழலுக்குப் பதிலாகக் காகிதக் குழலாகவோ இருந்தால், தாங்கும் எல்லை இறங்கிவிடும். காயிலின் விட்டத்தில் சிறு வேறுபாடு இருந்து இரும்போடு உள்ள இடைவெளி கூடிவிட்டால், வெப்பம் தாண்ட வேண்டிய காற்று அடுக்கு தடிக்கிறது. அதே பவருக்கு முன்பைவிட அதிகம் சூடாகும். ஆகவே கடையிலிருந்து வந்தவுடன் குளிர்ந்த நிலை மின்தடையைப் புதிதாக அளந்து பாக்ஸின் பின்புறமே எழுதி வைத்துவிட்டு, முதல் திருவிழாவில் பழைய ஸ்பீக்கரோடு பக்கத்தில் வைத்து, ஒரே அளவு பவரில் ஓட்டி, இடைவேளையில் இரண்டின் மின்தடையையும் அடுத்தடுத்து அளந்து பார்க்க வேண்டும். மாற்றிய காயிலின் விகிதம் பழையதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால், அந்தப் பாக்ஸுக்குப் போகும் பவரை ஆம்ப்பிலேயே குறைத்து வைப்பதுதான் சரி.